நிரம்பி நின்ற கோப்பை

இந்திய முறைக் கழிப்பறையில் தரையோடு பதித்திருக்கும் பீங்கான் கோப்பைக்குக் கீழே, கண்ணில் படாமல் இன்னொரு பீங்கான் துண்டு இருக்கிறது. அதற்கு ட்ராப் என்று பெயர். கோப்பையின் வாயிலிருந்து இறங்கும் குழாய் அங்கே கீழ்நோக்கி வளைந்து, மறுபடி சற்று மேலேறி, ஒரு திட்டைத் தாண்டிய பிறகுதான் வெளிக்குழாயோடு சேரும். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். செப்டிக் டேங்க்கின் நாற்றமும் கரப்பானும் வீட்டுக்குள் வராமல் காப்பது அந்தத் தண்ணீர்தான். பிளம்பர்கள் அதை வாட்டர் சீல் என்பார்கள். வழக்கமான ட்ராப்பில் அதன் ஆழம் 50 மில்லிமீட்டர்.

நாற்றத்தைத் தடுக்கும் அதே வளைவுதான் அடைப்புக்கும் இடம் தருகிறது. கோப்பையில் விழுவது எல்லாம் கீழே இறங்கி, பிறகு திட்டின் மேல் ஏறித் தாண்டியாக வேண்டும். தானாக எதுவும் மேலே ஏறாது. ஊற்றுகிற தண்ணீரின் வேகம்தான் அதை ஏற்றி விடுகிறது. அந்த வேகம் போதவில்லை என்றால் தண்ணீர் மட்டும் திட்டைத் தாண்டிப் போய்விடும், கனமானவை வளைவின் அடியிலேயே தங்கிவிடும்.

மதுரையின் பழைய காம்பவுண்டு வீடுகளில் இதை வருடம் முழுக்கப் பார்க்கலாம். 1980-களின் கடைசியில், வைகைக்குத் தெற்கே இருந்த அப்படிப்பட்ட ஒரு காம்பவுண்டின் கழிப்பறை இங்கே விவரிக்கப்படுகிறது. ஒரே வரிசையில் வீடுகள், வரிசையின் கோடியில் அடுத்தடுத்து இரண்டு கழிப்பறைகள். இரண்டிலும் ஒரிசா பேன் எனப்படும் கோப்பை. கால் வைக்கும் மேடைகளும் கோப்பையும் ஒரே பீங்கானில் வார்த்தது அது. இரண்டு ட்ராப்பிலிருந்தும் புறப்பட்ட குழாய்கள் சுவருக்குப் பின்னால் ஒரே நாலங்குலக் குழாயில் சேர்ந்தன. அது சிமெண்ட் பலகை மூடிய ஒரு சேம்பர் வழியாக செப்டிக் டேங்க்குக்குப் போனது. ஃப்ளஷ் தொட்டி கிடையாது. வாசலில் ஒரு சிமெண்ட் தொட்டி, உள்ளே ஒரு வாளி, ஒரு கப்பு. அவ்வளவுதான்.

அந்தக் கப்பில்தான் கோளாறு ஆரம்பமானது. தொட்டியில் இருந்த தண்ணீர் அடிபம்பில் அடித்துச் சுமந்து கொட்டியது. கோடையில் அதுவும் குறைந்துவிடும். ஆகவே பெரியவர்கள் சிக்கனமாக ஊற்றினார்கள், வாளியைத் தூக்க முடியாத குழந்தைகள் கப்பு கப்பாக ஊற்றினார்கள். பத்துக் கப்பு ஊற்றினாலும் பத்து லிட்டர் சேரும், அது ஒரு ஃப்ளஷ் தொட்டியின் அளவுதானே என்று கணக்குச் சொல்லலாம். ஆனால் ஃப்ளஷ் தொட்டி அந்தப் பத்து லிட்டரைச் சில நொடிகளில் கொட்டித் தீர்க்கிறது. கப்பால் ஊற்றினால் அதே தண்ணீர் அரை நிமிடத்துக்குமேல் பரவிப்போகும். ஒவ்வொரு கப்புக்கும் வளைவில் இருக்கும் தண்ணீர் கொஞ்சம் உயர்ந்து, திட்டின் மேல் வழிந்து, மறுபடி அமைதியாகிவிடுகிறது. அடியில் கிடப்பது அசைவதே இல்லை.

ஒரிசா பேனின் தரைப்பகுதி சரிவு குறைந்தது என்பதும் இதோடு சேர்ந்துகொள்ளும். கிராமப்புறங்களில் இரட்டைக் குழிக் கழிப்பறைகளுக்கென்று வடிவமைத்த கோப்பையின் சரிவு 25 முதல் 28 பாகை வரை இருக்கும், அதன் வாட்டர் சீல் 20 மில்லிமீட்டர்தான். அதனால் அதற்கு ஒன்றரை லிட்டர் அல்லது இரண்டு லிட்டர் தண்ணீர் போதும். கப்பு கொண்டு ஊற்றுவதற்கே செய்த கோப்பை அது. ஃப்ளஷ் தொட்டியை மனதில் வைத்துச் செய்த ஒரிசா பேனை வாங்கிப் பதித்துவிட்டு, தொட்டியைக் கட்டாமல் விட்டால், அந்த வீட்டில் குடியிருப்பவர்கள் ஆயுள் முழுக்க அடைப்போடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். வாடகை வீடுகளில் பெரும்பாலும் நடந்தது இதுதான், கோப்பையைத் தேர்ந்தெடுத்தவர் ஒருவர், தண்ணீர் சுமந்தவர்கள் வேறு.

அடைப்பு ஒரே நாளில் வருவதில்லை. அந்தக் காம்பவுண்டில் முதலில் தெரிந்த அடையாளம், ஊற்றிய தண்ணீர் உடனே இறங்காமல் கோப்பையில் ஒரு சாண் உயர்ந்து நின்று, பிறகு மெல்ல இறங்கியது. சில வாரங்களில் இறங்கும் நேரம் நீண்டது. பிறகு பக்கத்துக் கழிப்பறையில் யாராவது வாளித் தண்ணீரைக் கவிழ்த்தால் இந்தக் கோப்பையில் குமிழி கிளம்பியது. கடைசியில் ஒரு காலையில், கோப்பை விளிம்பு வரைக்கும் நிரம்பி அப்படியே நின்றுவிட்டது. அந்த நேரத்தில் பதற்றத்தில் எல்லோரும் செய்வதையே அங்கேயும் செய்யப் பார்த்தார்கள். இன்னொரு வாளி ஊற்றினால் தள்ளிக்கொண்டு போய்விடும் என்று தூக்கிவிட்டார்கள். மில்லில் ஃபிட்டராக வேலை பார்த்த, எல்லோராலும் ஃபிட்டர் மாமா என்று அழைக்கப்பட்ட பெரியவர்தான் தடுத்தார். “யம்மா, யாரும் தண்ணி ஊத்திராதீங்க. இப்ப ஊத்துனா தரைக்குத்தான் வரும்.”

அவர் முதலில் போனது கோப்பைக்கு அல்ல, சுவருக்குப் பின்னால் இருந்த சேம்பருக்கு. அடைப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கை வைப்பது வீண் வேலை, அதைத் தெளிவாகச் சொல்லக்கூடிய இடம் சேம்பர்தான். கோப்பை நிரம்பியிருக்கும்போது சேம்பரும் நிரம்பியிருந்தால் அடைப்பு சேம்பருக்கு அப்பால், குழாயிலோ செப்டிக் டேங்க்கிலோ இருக்கிறது. அப்போது கோப்பையில் எவ்வளவு அமுக்கினாலும் பயன் இராது. சேம்பர் காலியாகக் கிடந்தால் அடைப்பு கோப்பைக்கும் சேம்பருக்கும் நடுவில் இருக்கிறது. பலகையை நெம்பித் திறந்தபோது சேம்பரின் அடி ஓடையில் ஈரம் மட்டுமே இருந்தது. பக்கத்துக் கழிப்பறையில் ஊற்றிய தண்ணீர் சேம்பருக்குத் தடையின்றி வந்தது. அதாவது இரண்டும் சேர்ந்த பொதுக்குழாய் நன்றாக இருக்கிறது, அடைப்பு இந்த ஒரு ட்ராப்பிலோ அதற்கடுத்த சில அடிக் குழாயிலோதான். இப்படிப்பட்ட அடைப்பைத்தான் ரப்பர் பம்ப்பால் எடுக்க முடியும்.

சேம்பரைத் திறந்ததும் தலையைக் குனிந்து பார்க்கக் கூடாது. கொஞ்ச நேரம் காற்றோட விட்டு, விலகி நின்று பார்க்க வேண்டும். அருகில் தீக்குச்சியோ பீடியோ கூடாது. ஃபிட்டர் மாமா தம் வாயில் இருந்த பீடியை முற்றத்திலேயே அணைத்துவிட்டுத்தான் பலகையில் கை வைத்தார்.

அடுத்த வேலை கோப்பையின் தண்ணீரைக் குறைப்பது. விளிம்பு வரை நிற்கும்போது பம்ப்பை வைத்தால் முதல் அமுக்கிலேயே அழுக்குத் தண்ணீர் காலிலும் சுவரிலும் தெறிக்கும். பகுதி அடைப்பாக இருந்தால் ஒன்றிரண்டு மணி நேரம் காத்திருந்தாலே மட்டம் தானாக இறங்கிவிடும். இறங்காவிட்டால், இனி எதற்கும் பயன்படுத்தப் போவதில்லை என்று ஒதுக்கிய ஒரு டப்பாவால் மொண்டு வாளியில் எடுத்து வைக்க வேண்டும். கைகளைப் பிளாஸ்டிக் பையாலாவது மூடிக்கொள்வது அவசியம். ஆனால் முழுவதையும் மொண்டுவிடக் கூடாது. ட்ராப்பின் வாய்க்கு மேல் நாலு விரல்கடைத் தண்ணீராவது நிற்க வேண்டும். பம்ப் வேலை செய்வதே அந்தத் தண்ணீரால்தான்.

காற்றை அமுக்கினால் அது சுருங்கும், தண்ணீரை அமுக்கினால் சுருங்காது. ரப்பர் கிண்ணத்துக்குள் தண்ணீர் நிறைந்திருந்தால், கை கொடுக்கும் அழுத்தம் அப்படியே அடைப்பைப் போய்ச் சேரும். காற்று நிறைந்திருந்தால் பாதி உழைப்பு அந்தக் காற்றைச் சுருக்குவதிலேயே கரைந்துபோகும். அதனால் கிண்ணத்தை நேராக அழுத்தி வைக்காமல், சாய்த்து உள்ளே இறக்கி, காற்று குமிழியாக வெளியேறிய பிறகு வாயின் மேல் நிமிர்த்த வேண்டும்.

இங்கே இந்தியக் கோப்பைக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற, மரக்கம்பு நுனியில் தட்டையான ரப்பர் கிண்ணம் வைத்த பம்ப், கை கழுவும் பேசினுக்காகச் செய்தது. அதன் விளிம்பு சமதளத்தில்தான் சரியாகப் படியும். கோப்பையின் வாயோ வளைந்த பீங்கானில், சரிவாக இருக்கிறது. ஒரு பக்கம் படிந்தால் மறுபக்கம் இடைவெளி விழுகிறது, அமுக்கிய தண்ணீர் அந்த இடைவெளி வழியாகத் திரும்பி வந்துவிடுகிறது. பலர் பம்ப்பை வாங்கிவந்து பத்து நிமிடம் போராடிவிட்டு, இதனால் ஒன்றும் ஆகாது என்று எறிவது இதனால்தான். கிண்ணத்துக்குக் கீழே இன்னொரு கழுத்து நீண்டிருக்கும் வகை கிடைத்தால் அது வாய்க்குள் நுழைந்து படியும். கிடைக்காதபோது கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி நனைத்த பழந்துணியை இறுகக் கட்டிக்கொள்ளலாம். அந்தத் துணி இடைவெளியை நிரப்பிவிடும்.

ஃபிட்டர் மாமாவிடம் இரண்டுமே இல்லை. ஒரு மூங்கில் கம்பின் நுனியில் சாக்குத்துணியைச் சுற்றிச் சுற்றி, கயிறு போட்டு இறுக்கி, ட்ராப்பின் வாய்க்குள் சற்று இறுக்கமாக நுழையும் அளவுக்கு ஓர் உருண்டை கட்டினார். அது ரப்பர் கிண்ணத்தைவிட நன்றாக வேலை செய்தது. வாயை மூடி நிற்காமல் வாய்க்குள்ளேயே போய் வந்ததால், சிலிண்டருக்குள் பிஸ்டன் நகர்வதுதான் அங்கே நடந்தது. மில்லில் அவர் தினமும் பார்த்த வேலை. கட்டும்போது அவருடைய கவனம் முழுக்கக் கயிற்றில் இருந்தது. துணி கழன்று உள்ளே போய்விட்டால் அதுவே பெரிய அடைப்பாகிவிடும் என்று முடிச்சை மூன்று இடத்தில் போட்டு, கம்பில் ஆணி அறைந்து அதில் கயிற்றை மாட்டினார். இந்த முறையைக் கையாளும் எவரும் அந்த ஆணியை மறக்கக் கூடாது.

அமுக்குவதற்கு முன் பக்கத்துக் கழிப்பறையை ஒருமுறை நினைத்துப்பார்க்க வேண்டும். இரண்டு கோப்பைகளும் ஒரே குழாயில் சேர்வதால், இங்கே கொடுக்கும் அழுத்தம் அங்கே தண்ணீராகப் பீறிட்டு எழலாம். அதனால் அங்கே யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது. அந்த வாயில் ஈரச்சாக்கைத் திணித்து வைப்பதும் நல்லது. அழுத்தம் வேறு வழியில் கசியாது. சாக்கைத் திணிக்கும் முன் ஒருமுறை அமுக்கிப் பார்த்தால் ஒரு தகவலும் கிடைக்கும். இங்கே அமுக்க அங்கே தண்ணீர் மட்டம் ஆடினால், இந்த ட்ராப்பில் வழி இருக்கிறது, அடைப்பு இரண்டும் சேரும் இடத்துக்கு அப்பால் என்று பொருள். அன்று அங்கே தண்ணீர் ஆடவில்லை.

முதல் அமுக்கு மெதுவாக இருக்க வேண்டும். பிறகு, கிண்ணத்தின் விளிம்பு பீங்கானை விட்டு எழாதபடி, கீழும் மேலும் ஒரே சீராக அமுக்கி இழுக்க வேண்டும். பெரும்பாலோர் கீழே அமுக்குவதில் மட்டும் பலத்தைச் செலவிடுகிறார்கள். உண்மையில் மேலே இழுப்பதுதான் முக்கியமான வேலை. அடைத்துக்கொண்ட பொருளை வாரக்கணக்காக ஓடிய தண்ணீர் ஒரே திசையில் தள்ளித் தள்ளி இறுக்கியிருக்கிறது. மேலும் அதே திசையில் தள்ளினால் இன்னும் இறுகவும் கூடும். எதிர்த்திசையில் ஓர் இழுப்பு விழும்போதுதான் அது தளர்கிறது. பதினைந்து இருபது தடவை அமுக்கி இழுத்ததும், கடைசி இழுப்பில் பம்ப்பைச் சட்டென்று வெளியே எடுத்துவிட்டு, மட்டத்தைக் கவனிக்க வேண்டும். இறங்க ஆரம்பித்தால் வழி கிடைத்துவிட்டது. இறங்காவிட்டால் மறுபடி தொடங்கலாம். ஐந்தாறு சுற்றுக்கும் அசையாவிட்டால், அந்த அடைப்பு பம்ப்புக்கு மசியாத வகை என்று நிறுத்திக்கொள்வது நல்லது.

அன்று நாலாவது சுற்றில் அடியிலிருந்து கறுத்த தண்ணீர் கலங்கி மேலே வந்தது. கோப்பையின் மட்டம் இரண்டு அங்குலம் இறங்கி நின்றது. சேம்பர் பக்கம் நின்ற பையனைப் பார்த்து, “என்னடா, வருதா?” என்றார். “சன்னமா வருது மாமா” என்று பதில் வந்தது. வழி திறந்துவிட்டது, ஆனால் பொருள் இன்னும் அங்கேயே இருக்கிறது. பலர் இந்தக் கட்டத்தில் வேலை முடிந்தது என்று போய்விடுவார்கள். ஒரு வாரத்தில் கோப்பை மறுபடி நிரம்பும்.

இந்தக் கட்டத்தில்தான் வாளி தேவைப்படுகிறது. முதலில் கால் வாளித் தண்ணீர் மட்டும் ஊற்றி, அது எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். அது இறங்கினால்தான் அடுத்தது. பிறகு, 15 லிட்டர் பிடிக்கும் வாளியை முக்கால் பங்கு நிரப்பி, இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, ட்ராப்பின் வாயைக் குறிவைத்து மூன்று நான்கு நொடிகளில் மொத்தத்தையும் கவிழ்க்க வேண்டும். கோப்பையின் பக்கச் சுவரில் பட்டால் வேகம் சிதறிவிடும். வாளியின் அடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஊற்றினால் குறி தப்பாது. இப்படி ஊற்றும்போது ட்ராப்பின் ஏறும் பகுதி முழுக்கத் தண்ணீரால் நிறைந்து, மொத்தமும் ஒரே திரளாகத் திட்டைத் தாண்டுகிறது. கோப்பையில் களக் களக் என்று ஒரு சத்தம் எழுந்து தண்ணீர் உள்ளே இழுபட்டால், ஊற்றியவரின் கை சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

பம்ப்பும் வாளியும் மாறி மாறி நடந்தன. பம்ப் தளர்த்தியதை வாளி தள்ளியது. மூன்றாவது வாளியில், சேம்பர் ஓடையில் ஒரு கறுத்த சுருள் வந்து விழுந்தது. குச்சியால் விலக்கிப் பார்த்தபோது, பாத்திரம் தேய்க்கிற தேங்காய் நார்க் கொத்து. அதன் இழைகளில் தலைமுடியும், ஷாம்பு பாக்கெட் ஒன்றும், வெள்ளையாகப் படிந்த உப்புத் துகளும் சிக்கியிருந்தன. கழிப்பறைத் தொட்டியடியில் உட்கார்ந்துதான் பெண்கள் பாத்திரம் விளக்கினார்கள். எப்போதோ ஒரு நார்க் கொத்து கோப்பைக்குள் விழுந்திருக்கிறது. எளிதில் ஊறும் பொருளாக இருந்தால் நைந்து போயிருக்கும். தேங்காய் நார் தண்ணீரில் சீக்கிரம் மக்குவதில்லை, கயிறு திரிப்பதற்காகத் தேங்காய் மட்டையை மாதக்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டாலும் நார் கெடுவதில்லை. திட்டின் மேல் ஒரு நுனியும் வளைவின் அடியில் மறு நுனியுமாகக் கிடந்த அந்தக் கொத்து, போவது வருவதையெல்லாம் பிடித்துவைத்திருக்கிறது. ஆழ்துளைத் தண்ணீரின் உப்பு அதன்மேல் படிந்து கெட்டியாகியிருக்கிறது.

அந்தக் காம்பவுண்டில் அதற்கு முன்பு இதே கோப்பைக்கு ஆசிட் ஊற்றிப் பார்த்திருக்கிறார்கள். ஆசிட் உப்புப் படிவைக் கரைக்கும், ஆனால் நாரையோ துணியையோ பிளாஸ்டிக்கையோ கரைத்துவிடாது. மாறாக, கோப்பையும் ட்ராப்பும் சேரும் சிமெண்ட் பூச்சை அரிக்கும், செப்டிக் டேங்க்கில் கழிவை மட்கவைக்கும் கிருமிகளைக் கொல்லும். பிறகு பம்ப் போடுகிறவரின் கண்ணில் தெறிக்கப் போவதும் அதே ஆசிட்தான். எல்லாவற்றையும்விடக் கொடியது, நேற்று பிளீச்சிங் பவுடர் போட்ட கோப்பையில் இன்று ஆசிட் ஊற்றுவது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். சின்னக் கழிப்பறைக்குள் அது மூச்சை அடைத்துவிடும். இரும்புக் கம்பியால் குத்துவதும் ஆபத்து. ட்ராப் பீங்கான் என்பதை மறந்து ஓங்கிக் குத்தினால் வளைவில் விரிசல் விழும். விரிசல் விழுந்தால் வெளியே ஒன்றும் தெரியாது, வாட்டர் சீல் மட்டும் ராத்திரியோடு ராத்திரியாக வற்றிவிடும், காலையில் நாற்றம் வரும். அதைச் சரிசெய்யத் தரையை உடைத்துக் கோப்பையையே பெயர்க்க வேண்டும்.

சேம்பர் நிரம்பியிருந்தால் கதை வேறு. ஐப்பசி மழையில் அந்தக் காம்பவுண்டில் அதுவும் நடந்தது. நிலத்தடி ஊறி, செப்டிக் டேங்க்கின் தண்ணீரை உறிஞ்ச வேண்டிய குழி தானே நிரம்பிவிட, இரண்டு கோப்பைகளும் ஒன்றுபோல மெல்ல நிரம்பின. இரண்டும் ஒரே நேரத்தில் நிரம்பினால் அடைப்பு ட்ராப்பில் இல்லை என்று சேம்பரைத் திறக்காமலேயே சொல்லிவிடலாம். அதற்கு உறிஞ்சு லாரிதான் வழி. அந்தக் காலத்தில் டேங்க்குக்குள் ஆளை இறக்கினார்கள். உள்ளே தேங்கும் வாயுவில் இறங்கிய சில நொடிகளில் மயங்கி விழுந்து செத்தவர்கள் ஏராளம், அவர்களைத் தூக்கப் போய்ச் செத்தவர்களும் உண்டு. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஒருவரை செப்டிக் டேங்க்கில் இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். கூலி பேசி இறங்கத் தயாராக யார் வந்து நின்றாலும் வீட்டுக்காரர் மறுத்து லாரியைத்தான் கூப்பிட வேண்டும்.

அடைப்பு எடுத்த அன்றே கடைசியாக ஒரு சோதனையும் நடந்தது. அரை வாளித் தண்ணீரில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கலந்து ஒரே வீச்சில் கவிழ்த்தார்கள். வழி முழுக்கத் திறந்திருந்தால் நீலத் தண்ணீர் மொத்தமாகச் சேம்பரில் வந்து விழுந்து, உடனே நின்றுவிடும். முதலில் கொஞ்சம் வந்து, பிறகு நெடுநேரம் ஒழுகிக்கொண்டே இருந்தால் உள்ளே இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது. அன்று நீலம் ஒரே மூச்சில் வந்தது. சேம்பரில் விழுந்த நார்க் கொத்தைக் குச்சியால் எடுத்துப் புதைத்தார்கள். சாக்குருண்டையை அவிழ்த்து எரித்தார்கள். கம்பையும் தரையையும் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் கழுவிவிட்டு, சேம்பர் பலகையின் விளிம்பைச் சேறு குழைத்து அடைத்தார்கள். கழிப்பறையில் இருந்த கப்பு வெளியே தொட்டிக்குப் போனது. கோப்பைக்கு ஊற்ற அரை வாளிக்குக் குறையாமல் எடுக்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று, குழந்தைகள் போய் வந்தபின் வீட்டுப் பெரியவர் ஒருவர் போய் ஊற்ற வேண்டும். பாத்திரம் தேய்க்கும் நாரைச் சுவரில் ஓர் ஆணி அடித்து மாட்டினார்கள்.